ஒரு படத்தில் ஐந்து பற்றுச்சீட்டு: பிரிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில் எங்கள் விவசாயச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கிறேன். டீசல், உரம், உழவு இயந்திர உதிரிப்பாகம் என்று எல்லாச் சீட்டையும் மேசையில் பரப்பி ஒரே படமாக அனுப்புகிறார்கள். எழுத்தை வாசிக்க முன் ஒவ்வொன்றையும் தனியாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் உரச்சீட்டின் தொகை டீசல் திகதியோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

ஓபன்சிவியில் வெள்ளைத் தாளைப் பின்னணியிலிருந்து பிரித்து, இடைவெளிகளை மூடி, வெளிக்கோடு எடுக்கிறேன்:

```
m = cv2.morphologyEx(m, cv2.MORPH_CLOSE, np.ones((k,k), np.uint8))
```

சிக்கல் இந்த `k`-இல்தான். நேற்றைய படத்தில் ஐந்து சீட்டு. `k=41` வைத்தால் நான்குதான் வந்தது, ஏனென்றால் 30 பிக்சல் தள்ளிக் கிடந்த இரண்டு சீட்டுகள் ஒன்றாகிவிட்டன. சரி என்று 15 ஆக்கினேன். அவை பிரிந்தன, ஆனால் மடிப்பு நிழல் விழுந்த நீளச் சீட்டு இரண்டாக உடைந்து, ஆறு வந்தது! ஐந்து வந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒன்று ஒட்டி ஒன்று உடைந்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவற்றுக்கு `distanceTransform` பார்த்தேன். மிகப் பெரிய தூரத்தில் பாதியை எல்லையாக வைத்ததால், அகலமான உரச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கிய டீசல் சீட்டு காணாமலே போய்விட்டது.

ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி எல்லை வைத்துச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? மடிப்பால் உடைந்ததை, சாய்வும் அகலமும் ஒத்துப்போனால் மட்டும் மீண்டும் சேர்க்கலாமா? கறுப்புத் துணி விரிக்கச் சொல்லியும் பார்த்தாயிற்று, யாரும் கேட்பதில்லை.