விவாத மன்றக் கருத்துருவைத் தலைமையாசிரியர் திருப்பிவிட்டார், அவசர உதவி

குடியாத்தம்_டீச்சர்
வணக்கம். எங்கள் பள்ளியில் விவாத மன்றம் தொடங்க நோக்கம், கால அட்டவணை, எதிர்பார்க்கும் பயன் எல்லாம் எழுதிக் கருத்துரு கொடுத்தேன். எச்.எம். திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மறுபடி கொடுக்க வேண்டும். நல்ல மாதிரி யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.

ராணிப்பேட்டை_குமார்
என்ன காரணம் சொல்லித் திருப்பினார்? அரசுப் பள்ளியா, மெட்ரிக்கா? எந்த வகுப்புப் பிள்ளைகள்? எப்போது நடத்தப் போகிறீர்கள்? ஒன்றுமே சொல்லாமல் மாதிரி கேட்டால் எதைப் போடுவது?

ஆம்பூர்_அப்பா
என் பொண்ணும் எட்டாம் வகுப்புதான். 'செல்போன் நன்மையா தீமையா' என்று பேச்சுப் போட்டி வைத்திருக்கிறார்கள். டீச்சர், உங்களிடம் பேச்சு எழுதி வைத்திருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள்.

ஆற்காடு_மூத்தவர்
இங்கே பதினாறு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லை. பிள்ளைகளுக்கு விவாதம் கற்றுக்கொடுக்கிறவர் முதலில் கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா? இலக்கிய மன்றம்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு மன்றம்?

குடியாத்தம்_டீச்சர்
மன்னிக்கவும், அவசரத்தில் போட்டேன். அரசு உதவி பெறும் பள்ளி. எட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து 32 பேர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், 40 நிமிடம். பள்ளி விட்டதும் கிராமத்துப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் மாலையில் முடியாது. எச்.எம். ஓரத்தில் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார்: "இலக்கிய மன்றத்திலிருந்து எப்படி வேறுபடும்? அட்டவணை நடைமுறைக்கு ஒத்துவருமா?" நான் எழுதியது: 'ஒவ்வொரு மாணவரும் வாரம் ஒருமுறை பேசுவர். தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, மொழித்திறன் வளரும்.'

விஐடி_பழைய_மாணவன்
பிரிட்டிஷ் பார்லிமெண்டரி முறையைப் போடுங்க மேடம். இரண்டு பேர் கொண்ட நான்கு அணி, காலேஜில் எல்லோரும் அதைத்தான் ஆடுவோம். ஒரே ஆட்டத்தில் எட்டுப் பேர் பேசிவிடலாம்.

காட்பாடி_நடுவர்
தம்பி சொல்வதில் பாதி சரி, எட்டுப் பேர் பேசலாம்தான். ஆனால் ஆளுக்கு 7 நிமிடம் என்றால் 56 நிமிடம் ஆகிறது. மேடத்திடம் இருப்பதே 40. அதோடு நான்கு அணியை முதல், இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசைப்படுத்திக் காரணம் சொல்ல அனுபவமுள்ள நடுவர் வேண்டும். பள்ளிக்கு மூவருக்கு மூவர்தான் பொருந்தும். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியும் அப்படித்தான்: ஆளுக்கு 8 நிமிடம், கடைசியில் இரு அணிக்கும் 4 நிமிட மறுமொழி. அதைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் எச்.எம். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். கணக்கைப் பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு 3 நிமிடம், 18. மறுமொழி இரண்டு, தலா 2 நிமிடம், 4. எட்டு முறை ஆள் எழுந்து வந்து நிற்க அரை அரை நிமிடம், இன்னொரு 4. பெஞ்சைத் திருப்பிப் போட்டு வருகை எடுக்க 5. நடுவர் காரணம் சொல்ல 8. மொத்தம் 39. ஆக ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஆறு பேர்தான் பேச முடியும். 32 பேரும் வாரம் ஒருமுறை பேசுவர் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

காலாண்டுத் தேர்வுக்கு முன் விடுமுறை போக உங்களுக்குப் பத்து வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று வையுங்கள். முதல் நான்கில் மேடையே வேண்டாம். பதினாறு ஜோடியாகப் பிரித்து வராண்டாவில் நிற்க வையுங்கள். ஒருவர் 2 நிமிடம் பேச, எதிரில் இருப்பவர் அவர் சொன்னதில் ஒரு கருத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மீதி ஆறு வாரத்தில் ஆறு ஆட்டம், 36 இடம். 32 பேருக்கும் ஒரு முறை நிச்சயம், நாலு இடம் வராதவர்களுக்காக. 'காலாண்டுக்குள் ஒவ்வொருவரும் ஒரு முழு ஆட்டம்' என்று எழுதுங்கள், அதை நடத்திக் காட்ட முடியும்.

ஆற்காடு_மூத்தவர்
நடுவருக்கு 8 நிமிடமா! நம்ம ஊர் பட்டிமன்றத்தில் நடுவர் பேச்சைக் கேட்கத்தான் கூட்டமே வரும். பிள்ளைகளுக்குத் தமிழ் வருவதே அங்கேதான். இதெல்லாம் இங்கிலீஷ்காரன் பாணி.

ராணிப்பேட்டை_குமார்
ஐயா, கூட்டம் வருவது சிரிக்க. பிள்ளை பேச வேண்டிய நேரத்தையும் நடுவர் எடுத்துக்கொண்டால் அப்புறம் மன்றம் யாருக்கு?

ஆற்காடு_மூத்தவர்
சிரிக்க வைப்பது சுலபம் என்று நினைக்கிறீர்களா? ஒருமுறை மேடை ஏறிப் பாருங்கள்.

காட்பாடி_நடுவர்
அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். எச்.எம். கேட்ட வேறுபாடு இங்கே இருக்கிறது. இலக்கிய மன்றத்தில் பிள்ளை எழுதி வைத்ததை ஒப்பிக்கிறது, எதிரில் யாரும் இல்லை. விவாதத்தில் இரண்டாவது பேச்சாளர் முதல் ஒரு நிமிடம் எதிரணி சொன்னதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பிக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதும் எளிது: எதிரணி என்ன சொல்லியிருந்தாலும் அவர்கள் பேச்சில் ஒரு வார்த்தை மாறாது. தலைப்பை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஒட்டியா வெட்டியா என்பதை மட்டும் ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு, இடைவேளையில், காசு சுண்டி முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் படித்துத்தான் வருவார்கள்.

பயன் பகுதியில் தன்னம்பிக்கையை எடுத்துவிடுங்கள், அதை யார் அளப்பது? ஒவ்வொரு பேச்சிலும் எதிரணிக் கருத்துக்கு எத்தனை முறை பதில் வந்தது என்று ஒரு மாணவர் தாளில் கோடு போடட்டும். முதல் ஆட்டத்துத் தாளையும் ஆறாவது ஆட்டத்துத் தாளையும் எச்.எம். மேசையில் வையுங்கள்.

குடியாத்தம்_டீச்சர்
சரி சார். தலைப்புப் பட்டியலும் கேட்டிருக்கிறார். 'பிளாஸ்டிக் ஒழிப்பு அவசியம்' போட்டிருந்தேன்.

காட்பாடி_நடுவர்
அதை வெட்டிப் பேச வேண்டிய மூன்று பேரும் பாவம் இல்லையா மேடம். எந்தப் பக்கம் விழுந்தாலும் நீங்களே 3 நிமிடம் பேச முடிகிற தலைப்பாகத் தேடுங்கள். 'பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளை அங்கிருந்து மாற்ற வேண்டும்' என்று வையுங்கள். வேலை, கடன், குடிநீர், நிலம் என்று இரு பக்கமும் சரக்கு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996-ல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை எளிமையாகச் சொல்லலாம்.

ஆம்பூர்_அப்பா
நான் தோல் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். என் பொண்ணு மேடையில் நின்று அதை மூட வேண்டும் என்று பேசினால் எனக்கு எப்படி இருக்கும்?

காட்பாடி_நடுவர்
காசு சுண்டியதால்தானே அந்தப் பக்கம், அது அவள் கருத்து இல்லை.

ஆம்பூர்_அப்பா
அது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

ராணிப்பேட்டை_குமார்
அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதல் வருடம் வீட்டுப்பாடம், சீருடை என்று பள்ளிக்குள்ளேயே தலைப்பு எடுக்கலாம். மேடம், அந்தக் கடைசி பீரியட் இப்போது யாருடையது? பி.இ.டி. சாருடையதாக இருந்தால் அவரிடம் கேட்டாச்சா?

குடியாத்தம்_டீச்சர்
கருத்துருவைக் கொடுத்துவிட்டேன். காலாண்டு வரை நடத்திக் காட்ட எச்.எம். சொல்லியிருக்கிறார். தோல் தலைப்பை அவரே அடித்துவிட்டார். பி.இ.டி. சார் மாதம் இரண்டு வெள்ளிதான் விடுவாராம், அதனால் பத்து வாரக் கணக்கை மறுபடி போட வேண்டும். எல்லோருக்கும் நன்றி.

காட்பாடி_நடுவர்
மாதம் இரண்டு என்றால் ஐந்தாறு வாரம்தான் தேறும். ஜோடிப் பயிற்சியை இரண்டாகக் குறைத்தால் ஆட்டத்துக்கு மூன்று நான்குதான் மிஞ்சும், 32 பேர் வராது. இன்னொரு ஆசிரியர் கிடைத்தால் இரண்டு அறையில் ஒரே நேரத்தில் நடத்தலாம். தமிழாசிரியர் ஒருவரைக் கேட்டுப் பார்த்தீர்களா?