ஆண்டு முடிந்தபின் வந்த பில்கள்: எதுவரை தேடுவது?

வணக்கம். ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் தணிக்கையில் இருக்கிறேன். பதிவாகாத கடன்களைத் தேடும் பகுதி என்னுடையது. ஆண்டு முடிவு டிசம்பர் 31. அதற்குப் பின் வங்கியில் போன பெரிய தொகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பில்லையும் சரக்கு வரவுச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அதில் ஒன்று உறுத்தியது. இயந்திரப் பராமரிப்பு பில், தேதி ஜனவரி 25, தொகை 90,000. கணக்குப் பிரிவில் பில் தேதியை மட்டும் பார்த்து முழுவதையும் புது ஆண்டில் போட்டுவிட்டார்கள். இணைத்திருந்த பணி அறிக்கையில் மொத்தம் 60 நாள் வேலை, அதில் 40 நாள் டிசம்பருக்குள். நாள் கணக்கில் 60,000 பழைய ஆண்டுச் செலவு. இதைத் திருத்தச் சொல்லிவிட்டேன், அதில் குழப்பமில்லை.

என் கவலை, இன்னும் பில்லே அனுப்பாதவர்களைப் பற்றியது. பணமும் போகவில்லை, பில்லும் இல்லை என்றால் என் சோதனையில் அது சிக்காது. சரக்கு என்றால் பில் சேராத வரவுச் சீட்டு காட்டிக் கொடுத்துவிடும். சேவைக்கு அப்படி எந்தச் சீட்டும் இல்லையே!

ஆண்டு முடிவில் பாக்கி பூஜ்யமாக இருந்தாலும், வழக்கமாகப் பெரிய பில் அனுப்புவோரிடம் நேரடியாகக் கணக்கு அறிக்கை கேட்கலாமா? அல்லது திறந்திருக்கும் பணி ஆணைகளை வைத்துத் துறைத் தலைவர்களிடம் விசாரிப்பது பலன் தருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் அறிக்கையில் கையெழுத்தாகிறது.