பொள்ளாச்சி எண்ணெய் ஆலை கேள்வியில் எனக்குப் போன நாலு மார்க்

இரண்டாம் அட்டெம்ப்ட்

சிஏ இன்டர் ஆறாம் பேப்பர் எழுதுகிறவர்களுக்கு மட்டும் புரிகிற சோகம் இது. ஸ்ட்ராடஜிக் மேனேஜ்மென்ட் பகுதி 50 மார்க், அதில் அன்சாஃப் நாலு கட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று நினைத்திருந்தேன். கம்பெனி வளரும் வழிகள்தான் அந்த நாலு கட்டம்: பழைய பொருளைப் பழைய சந்தையிலேயே அதிகம் விற்றால் பெனிட்ரேஷன், புதுச் சந்தைக்குக் கொண்டுபோனால் மார்க்கெட் டெவலப்மென்ட், பழைய சந்தைக்குப் புதுப் பொருள் என்றால் புராடக்ட் டெவலப்மென்ட், இரண்டுமே புதுசு என்றால் டைவர்சிஃபிகேஷன். போன வாரம் கோச்சிங்கில் வைத்த மாக் டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்தது. எட்டு மார்க் கேள்வியில் நாலுதான்.

கேள்வி இதுதான். பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை. கோவை, திருப்பூர் வீடுகளுக்கு மளிகைக் கடை வழியாக ஒரு லிட்டர் டின் விற்கிறது, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைக்குத்தான் தேய்க்கிறார்கள். இப்போது நாலு முடிவு எடுக்கிறது. ஒன்று, அதே வீடுகள் சமையலுக்கும் இதே எண்ணெயை ஊற்றட்டும் என்று அவியல், எரிசேரி குறிப்புகளோடு விளம்பரம். இரண்டு, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிகளுக்காக அதே எண்ணெய் 10 ரூபாய் பாக்கெட்டில், பெட்டிக்கடை வழியாக. மூன்று, பழைய வீடுகளுக்கே கறிவேப்பிலை, வெட்டிவேர் போட்டுக் காய்ச்சிய கூந்தல் தைலம். நான்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கயிறு ஆலையை வாங்கி, தென்னை நார்க் கழிவை நெதர்லாந்து நர்சரிகளுக்கு ஏற்றுமதி செய்வது.

நான் எழுதியது: ஒன்றுக்கு மார்க்கெட் டெவலப்மென்ட், ஏனென்றால் உபயோகம் புதுசு. இரண்டுக்குப் புராடக்ட் டெவலப்மென்ட், ஏனென்றால் பாக்கெட் புதுசு. மூன்றும் நான்கும் சரி. தப்பான இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "புதுசுதான், யாருக்கு?" அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது. கேட்டால் ஆசிரியர் "யோசி" என்கிறார். யோசித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா?

ஷார்ட்கட் மணி

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு யோசனை. கேள்வியில் விளம்பரம், தள்ளுபடி என்று வந்தால் பெனிட்ரேஷன். வெளியூர், ஏற்றுமதி என்று வந்தால் மார்க்கெட் டெவலப்மென்ட். அறிமுகப்படுத்துகிறது என்று வந்தால் புராடக்ட். வாங்குகிறது, இணைக்கிறது என்றால் டைவர்சிஃபிகேஷன். நான் இந்த நாலு வார்த்தையை வைத்தே எம்சிக்யூ முழுக்க அடிக்கிறேன்.

கடைசி பெஞ்ச் கோமதி

மணி, உங்க ஷார்ட்கட்டை நம்பித்தான் எனக்கு அடி விழுந்தது. எம்பிஏ செமஸ்டரில் ஒரு கேள்வி: சேலத்தில் மூன்று கிளை வைத்திருக்கும் மருந்துக் கடை, அதே தெருக்களில் இருந்த போட்டிக் கடையை விலைக்கு வாங்குகிறது. "வாங்குகிறது" என்று பார்த்ததும் டைவர்சிஃபிகேஷன் என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன், ரிஸ்க் அதிகம், அனுபவம் இல்லாத துறை, அது இது என்று. பூஜ்யம். அதே ஊர், அதே ஜனம், அதே மாத்திரை. போட்டியாளர் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், அது பெனிட்ரேஷன். வாங்குவது வழி, எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது வேறு விஷயம் என்று அப்புறம்தான் உறைத்தது.

ஷார்ட்கட் மணி

சரி, அந்த ஒன்றை எடுத்துவிடுகிறேன். மற்ற மூன்றும் வேலை செய்யும்.

வீட்டு அப்பளம்

எனக்கும் இதில் ஒரு சந்தேகம். நாங்கள் மதுரையில் அப்பளம் போடுகிறோம், அம்மா காலத்திலிருந்து. இப்போது தம்பி ஆன்லைனில் விற்கலாம் என்கிறான். உளுந்து விலை ஏறிக்கொண்டே போகும்போது இதில் இறங்கலாமா? பேக்கிங் செலவுக்கு யாராவது கணக்குச் சொல்லுங்களேன்.

இரண்டாம் அட்டெம்ப்ட்

அக்கா, இது பரீட்சைக் கேள்வி பற்றிய பேச்சு :) ஆனாலும் உங்க கேஸ் நல்ல கேஸ்தான், யாராவது பெரியவர்கள் வந்தால் கேட்போம்.

பழைய திருத்துநர்

இருபது வருஷம் இந்தப் பாடம் நடத்தி, பல்கலைக்கழகப் பேப்பரும் திருத்தியிருக்கிறேன். உங்கள் ஆசிரியர் எழுதிய வரி சரிதான், இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

கேள்வியைப் படித்ததும் முடிவுகளுக்குப் போகாதீர்கள். இதுவரை யார் வாங்கினார்கள், எதை வாங்கினார்கள் என்று சொல்லும் முதல் இரண்டு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் கேள்வியில் அது கோவை, திருப்பூர் வீடுகள், லிட்டர் டின் எண்ணெய். பிறகு ஒவ்வொரு முடிவையும் அந்தக் கோட்டோடு மட்டும் ஒப்பிட வேண்டும். "புதிய" என்ற சொல் எத்தனை தடவை வந்தாலும் கவலை இல்லை.

பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்குள் இருப்பது அதே ஆலையின் அதே எண்ணெய். மாறியது அளவு, விலை, கடை. இந்த மூன்றையும் ஏன் மாற்றினார்கள்? லிட்டர் டின்னுக்கு ஒரே நேரத்தில் காசு கொடுக்க முடியாத, அறையில் வைத்துக்கொள்ள இடமும் இல்லாத ஒருவனிடம் போய்ச் சேர. அவன் இதுவரை இந்த ஆலையின் வாடிக்கையாளன் இல்லை. ஆகவே மார்க்கெட் டெவலப்மென்ட். சிஏ பாடப் பொருளிலேயே புதிய பேக்கிங், புதிய விற்பனை வழி, வேறு விலை எல்லாம் மார்க்கெட் டெவலப்மென்டுக்கான வழிகளாகத்தான் வருகின்றன. கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷே போட்ட கதையும், பிறகு 50 காசுக்கு வந்த சிக் ஷாம்பூவும் நினைவிருக்கும். பாட்டில் வாங்கியே இராத வீடுகளுக்கு ஷாம்பூ போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

ஆனால் இதே 10 ரூபாய் பாக்கெட்டை, டின் வாங்கும் வீட்டுக்காரர்களே ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ளட்டும் என்று விற்றிருந்தால் என் விடை மாறும். ஆள் பழையவர், எண்ணெய் பழையது, விற்கும் அளவு மட்டும் கூடுகிறது, அது பெனிட்ரேஷன்தான். எண்ணெயில் வெட்டிவேர் சேர்த்தார்கள் பாருங்கள், அங்கேதான் பொருள் மாறுகிறது. அதனால் மூன்றாவது புராடக்ட் டெவலப்மென்ட் ஆனது.

அப்பளக்கார அம்மாவுக்கும் இதே விடைதான். ஆன்லைன் ஆர்டர் மதுரையில் ஏற்கெனவே உங்களிடம் வாங்கும் வீடுகளிலிருந்தே வந்தால் கதவுக்கு வந்து கொடுக்கும் வசதி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து வந்தால் புதுச் சந்தை. பேக்கிங் செலவு எனக்குத் தெரியாது, மன்னிக்கவும்.

வீட்டு அப்பளம்

பரவாயில்லை ஐயா. ஆர்டர் வந்தது இதுவரை மூன்று, மூன்றும் சொந்தக்காரர்கள். அது எந்தக் கட்டம்?

கடைசி பெஞ்ச் கோமதி

அது அன்புக் கட்டம் அக்கா.

இரண்டாம் அட்டெம்ப்ட்

ஐயா, பாக்கெட் புரிந்துவிட்டது, அந்த இரண்டு மார்க்கை விட்டுக்கொடுத்துவிட்டேன். முதல் முடிவை மட்டும் விடமாட்டேன். தலைக்குத் தேய்த்ததை வாணலியில் ஊற்றச் சொல்கிறார்கள். ஷாம்பூவோடும் தைலத்தோடும் போட்டி போட்ட பொருள் இப்போது கடலை எண்ணெயோடும் நல்லெண்ணெயோடும் போட்டி போடுகிறது. அது புதுச் சந்தை இல்லையா?

பழைய திருத்துநர்

நல்ல வாதம், வகுப்பில் கேட்டிருந்தால் உட்காரவைத்துப் பேசியிருப்பேன். உங்கள் பாடப் பொருள்படி, ஏற்கெனவே வாங்குகிறவரை அதிகம் உபயோகிக்கவைப்பது பெனிட்ரேஷன். அதே வீடு, மாதம் ஒரு டின் வாங்கியது இனி இரண்டு வாங்கும். திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பும் அதைத்தான் சொல்லும்.

ஆனால் இகோர் அன்சாஃப் 1957இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் சந்தை என்பதை விட, பொருள் செய்து முடிக்க வேண்டிய பணி என்ற கணக்கில்தான் பேசுகிறார். ஆள் யார் என்பதை விட, அந்தப் பொருள் எந்த வேலைக்குப் போகிறது என்பது. அவர் தரும் உதாரணமே, பயணிகள் விமானத்தைச் சரக்கு ஏற்றும் பணிக்குத் தக்கபடி மாற்றி விற்கும் கம்பெனி. அதை மார்க்கெட் டெவலப்மென்ட் என்கிறார். இருக்கையைக் கழற்றி, கதவை அகலமாக்கினாலும் புராடக்ட் டெவலப்மென்ட் ஆகிவிடாது என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் தலையிலிருந்து வாணலிக்குப் போனது புதுப் பணி, உங்கள் விடை சரி.

அமெரிக்காவில் ஆர்ம் அண்ட் ஹாமர் சமையல் சோடாவை 1972 வாக்கில் ஃபிரிட்ஜ் வாடை போக ஒரு டப்பா திறந்து வையுங்கள் என்று விற்றார்கள். அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடும்.

ஷார்ட்கட் மணி

அப்போ எழுதுகிறவன் என்ன செய்வான்? இரண்டையும் எழுதினால் இரண்டுக்கும் மார்க் கிடையாதே.

பழைய திருத்துநர்

எம்சிக்யூவில் பாடப் பொருள் சொல்வதை அடியுங்கள். விரிவான விடையில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, "வாங்குவோர் அதே குடும்பங்கள் என்பதால்" என்று காரணத்தை அதே வாக்கியத்தில் எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதி, பிறகு அந்த உத்தியின் இலக்கணத்தை ஆறு வரி ஒப்பிக்கும் பேப்பர்கள்தான் அதிகம். அதில் ஆலையும் இல்லை, எண்ணெயும் இல்லை. நான் அதற்குப் பாதிக்கு மேல் போட்டதில்லை.

ஆனைமலைக்காரன்

நான் பரீட்சை எழுதுகிற ஆள் இல்லை, தங்கை சொல்லிப் படித்தேன். நான்காவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் நோட்ஸில் "இரண்டும் தேங்காய்தான், அதனால் தொடர்புள்ள டைவர்சிஃபிகேஷன்" என்று இருக்கிறது. எண்ணெய் ஆலைக்குத் தேங்காய் மட்டையோடு வராதுங்க. தோட்டத்திலேயே உரித்து, உடைத்து, களத்தில் காயவைத்துக் கொப்பரையாகத்தான் வரும். மட்டை நேரே நார் மில்லுக்குப் போய்விடும். எண்ணெய் ஆலையில் மிஞ்சுவது புண்ணாக்கு. அந்தப் புண்ணாக்கை வைத்து மாட்டுத்தீவனம் போட்டிருந்தால் தொடர்பு என்று சொல்லலாம். நார் மில் வேற மெஷின், வேற வியாபாரி, வேற கிராக்கி.

கடைசி பெஞ்ச் கோமதி

ஐயோ, நானும் தொடர்புள்ளது என்றுதான் எழுதியிருப்பேன். கேள்வி எடுத்தவருக்கே இது தெரியுமா?

பழைய திருத்துநர்

தெரிந்திருக்காது. எனக்கும் இப்போதுதான் தெரியும். டைவர்சிஃபிகேஷன் என்பதில் சந்தேகமில்லை, பொருளும் புதுசு, வாங்குகிற நெதர்லாந்து நர்சரியும் புதுசு. தொடர்புள்ளதா இல்லையா என்று கேள்வி கேட்கவில்லை என்றால் அந்த வம்புக்கே போக வேண்டாம். கேட்டிருந்தால், தம்பி சொன்ன கொப்பரைக் காரணத்தை எழுதி, தொடர்பற்றது என்று முடித்தவருக்கு நான் முழு மார்க் போடுவேன். விடைக்குறிப்பில் வேறு மாதிரி இருந்தால் இன்னொரு திருத்துநர் போடுவாரா, சொல்ல முடியாது.

இரண்டாம் அட்டெம்ப்ட்

நாளைக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் விமானக் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன், இரண்டு மார்க்காவது திரும்ப வருமா என்று. கொப்பரை பற்றி வாயே திறக்கமாட்டேன், அதில் எனக்கு ஏற்கெனவே முழு மார்க் விழுந்திருக்கிறது.