மேலாளர் தரும் வரவுக் கணிப்பு எப்போதும் மிகையாகவே இருக்கிறது, என்.பி.வி.யை எப்படிச் சரிசெய்வது?

டர்பன் கணக்கர்:
வணக்கம். டர்பனில் ஒரு மசாலா ஆலையில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். இரண்டாவது பேக்கிங் லைன் வேண்டும் என்று உற்பத்தி மேலாளர் கேட்கிறார். முதலீடு 10 மில்லியன் ராண்ட். முதல் வருடத்திலிருந்தே வருடத்துக்கு 3.2 மில்லியன் வீதம் 5 வருடம் வருமாம். வரவை 14% தள்ளுபடி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தால் என்.பி.வி. +0.99 மில்லியன். தாளில் C2 மைனஸில் போட்ட முதலீடு, C3 முதல் C7 வரை வரவு.

```
=NPV(14%,C3:C7)+C2
```

இதே மாதிரித் தாள்களை நம்பித்தான் முன்பும் கையெழுத்துப் போட்டோம். ஒன்றுகூடச் சொன்னபடி வரவில்லை. "விகிதத்தை 18% ஆக்கு, சரியாகிவிடும்" என்கிறார் இயக்குநர். ஆக்கினால் வெறும் 7,000 ராண்ட் மிச்சம் காட்டுகிறது. இதை வைத்து என்ன முடிவு சொல்ல?

பீனிக்ஸ்வாசி:
இயக்குநர் சொன்னது சரிதான். எங்கள் கம்பெனியில் எல்லாத் திட்டத்துக்கும் 22% போடுவோம். அதைப் போட்டால் உங்கள் லைன் மைனஸுக்குப் போய்விடும், பேச்சே இல்லை.

சாட்ஸ்வொர்த் அக்கா:
மின்வெட்டைக் கணக்கில் சேர்த்தீர்களா தம்பி? நான் 2023 டீசல் பில்லைப் பார்த்து பேக்கரிக்கு சோலார் போட்டேன். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றது, பத்து மாதம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஊருக்கு நல்லது, என் கணக்குக்கு நட்டம்.

பழைய ஆடிட்டர்:
அக்கா சொல்வது வேறு கதை. மோசமான ஒரு வருடத்தை எடுத்து அதையே நீட்டிய தவறு அது. கணக்கர் கேட்பது, கணிப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்வதைப் பற்றி.

பீனிக்ஸ் தம்பி, பணம் போடுபவர் தாங்கும் ஆபத்துக்கான கூலிதான் விகிதம். வரவே தப்பாக எழுதியிருந்தால் அது ஆபத்து இல்லை, தப்பு. 14-ஐ 18 ஆக்கினால் முதல் வருட வரவு 3.4% குறையும், ஐந்தாம் வருட வரவு 16% குறையும். ஆனால் கணிப்பு எங்கே பொய்க்கிறது? பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். 2023 கடைசியில் டர்பன் துறைமுகத்தில் கப்பல்கள் காத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மெஷின் வர வேண்டும், ஓடிப் பழக வேண்டும், சூப்பர்மார்க்கெட் அலமாரியில் இடம் கிடைக்க வேண்டும். காலில் வலி, நீங்கள் கையில் கட்டுப் போடுகிறீர்கள்.

கணக்கரே, பழைய அனுமதித் தாள்களை எடுங்கள். சொன்ன தொகை, வந்த தொகை இரண்டையும் முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று தனித்தனியாகப் பக்கத்தில் எழுதுங்கள். நன்றாகப் போனதை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள்.

டர்பன் கணக்கர்:
ஐந்து திட்டங்கள் கிடைத்தன. சராசரியாகச் செலவு 15% கூடியிருக்கிறது. வரவு முதல் வருடம் சொன்னதில் 40%, இரண்டாம் வருடம் 75%, அதன் பின் 90%. அதே அளவில் இந்த லைனின் கணக்கைத் திருத்தினால் செலவு 11.5 ஆகிறது, வரவு 1.28, 2.4, பிறகு மூன்று வருடம் 2.88. விகிதத்தைத் தொடாமல் 14%-இலேயே மைனஸ் 3.4 மில்லியன்! நம்ப முடியவில்லை.

பழைய ஆடிட்டர்:
ஐந்து திட்டம் போதாது, அதனால் 40-ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம். முதல் வருடத்தை 65% ஆக்கினாலும் மைனஸ் 2.7 வருகிறது. திசை மாறவில்லை, அதுதான் முக்கியம்.

இன்னொன்று. மேலாளர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். 3.2 என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால் வருகிற தொகை. தாமதத்துக்கு ஆயிரம் வழி, முன்கூட்டி முடிய ஒன்றிரண்டுதான். ஆகவே சராசரி அதற்குக் கீழேதான் இருக்கும், என்.பி.வி.க்கு வேண்டியதும் அந்தச் சராசரிதான்.

பீனிக்ஸ்வாசி:
ஒரு சந்தேகம் அண்ணா. நீங்கள் 60% வெட்டுவீர்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை அவர் 3.2-க்குப் பதில் 5 எழுத மாட்டாரா?

பழைய ஆடிட்டர்:
எழுதுவார், பார்த்திருக்கிறேன். வெட்டை ஆள்வாரியாக வைத்து, ஒரு வருடம் கழித்து அவர் முன்னாலேயே தாளைத் திறந்தால் கொஞ்சம் அடங்கும். முழுதாக அடங்கி நான் பார்த்ததில்லை.

டர்பன் கணக்கர்:
இன்று மேலாளரிடம் காட்டினேன். மறுக்கவில்லை. ஆனால் "மெஷின் 8 வருடம் ஓடும்" என்கிறார். 5 என்று எழுதியவரே அவர்தான்! மூன்று வருடம் 2.88 சேர்த்தால் +0.09 வந்துவிடுகிறது.

பழைய ஆடிட்டர்:
வரவை அமுக்கினால் ஆயுளில் எழுந்து நிற்கும். இப்போதிருக்கும் லைனின் பராமரிப்புப் புத்தகத்தைப் பாருங்கள். ஆறாம் வருடத்துக்கு மேல் பெரிய செலவு ஏதும் வந்ததா?

டர்பன் கணக்கர்:
பாக்கெட்டை ஒட்டும் சீலிங் ஹெட்டை முழுதும் மாற்றியதாக ஃபிட்டர் சொல்கிறார். எந்த வருடம், எவ்வளவு என்று திங்கட்கிழமை பில் தேடுகிறேன்.