புதுப்பிப்பு: ஜிஎஸ்டி பதிவு மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பிவிட்டேன்

முன்பு கேட்டது: "கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கேட்டிருந்தேன், விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்துள்ளது. கேட்டதையெல்லாம் அனுப்ப வேண்டுமா, எத்தனை நாளுக்குள்?"

வரி ஆலோசகரான நண்பர் ஒருவர், மின்னஞ்சலை மூடிவிட்டு, அதிகாரி விளக்கம் கேட்கும் GST REG-03 அறிவிப்பைத் திறக்கச் சொன்னார். மின்னஞ்சலில் இருந்த வணக்கமும், "இது தானியங்கிச் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்" என்ற வரியும் எல்லோருக்கும் போவது. ஆகவே பதிலை ஜிஎஸ்டி இணையதளத்தில் GST REG-04 என்ற படிவம் வழியாகத்தான் அளிக்க வேண்டும்.

"நிராகரிக்கப்படலாம் என்பதும் வழக்கமான வாசகம்தான், விட்டுவிடுங்கள்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எல்லா அறிவிப்பிலும் அது வருவது உண்மை, ஆனால் விதியிலேயே இருக்கும் வாசகம் அது: அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்குக் காலக்கெடு நீட்டித்துத் தந்தார்கள் என்று இன்னொருவர் சொன்ன அனுபவம் இதற்குப் பொருந்தாது.

ஆவணங்களில்தான் எனக்குக் குழப்பம். வாடகை ஒப்பந்தத்துடன் உரிமையாளரின் சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது இரண்டையும் கேட்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 17 தேதியிட்ட மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் அறிவுறுத்தல் 03/2025, உரிமைச் சான்றாக ஏதேனும் ஒன்று போதும் என்கிறது. மின் ரசீது உரிமையாளருடைய தந்தையின் பெயரில் இருந்ததால், பெயர் ஒத்துப்போகும் வரி ரசீதை மட்டும் இணைத்தேன். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்பதால் உரிமையாளரின் அடையாளச் சான்றையும் சேர்த்து, அறிவுறுத்தலின் எண்ணை விளக்கத்தில் குறிப்பிட்டேன்.

ஐந்தாம் வேலை நாளில் சமர்ப்பித்தேன். அதிகாரியின் முடிவு இன்னும் வரவில்லை.