யாழினிக்கு இருமல்: எங்கள் ‘ஆச்சி வீடு’ குழுவில் ஓர் இரவு

கவிதா, இரவு 8.10
மல்லிகா சித்தி, இருக்கிறீர்களா? யாழினிக்கு மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது. பகலில் ஓடி விளையாடுகிறாள். படுத்தால் மட்டும் இருமல் விடாமல் வருகிறது. நேற்று இரவு இருமி இருமிக் குடித்த பாலைக் கக்கிவிட்டாள். முன்பு வாங்கிய இருமல் சிரப் பாதி பாட்டில் இருக்கிறது. அதைக் கொடுக்கவா, தேன் கொடுக்கவா? அவளுக்கு இரண்டு வயது நான்கு மாதம்.

முருகன் மாமா, இரவு 8.14
எனக்கும் ஒரு மாதமாக வறட்டு இருமல் அம்மா. தேன் சாப்பிடலாம் என்றால் சர்க்கரை 240-இல் நிற்கிறது. என்ன செய்ய?

மல்லிகா சித்தி, இரவு 8.19
அண்ணா, கவிதா கேட்பது குழந்தைக்கு. ஒரு மாதமாக இருமுகிற நீங்கள் தேனைப் பற்றி யோசிக்க வேண்டாம். நாளைக்கே போய்ச் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

கவிதா, அந்தச் சிரப்பைத் தூக்கிப் போடு. குழந்தைகளின் சாதாரணச் சளி இருமலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை, தூக்கக் கலக்கமும் படபடப்பும்தான் மிச்சம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சிரப் எழுதவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே அறிவுறுத்தியிருக்கிறது.

தேன் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு வேலை. அவள் தூங்கிவிட்டாளா?

கவிதா, இரவு 8.21
இப்போதுதான் கண் அசந்தாள் சித்தி.

மல்லிகா சித்தி, இரவு 8.22
நல்லது. சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பார். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் எண்ணு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே, குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, மூச்சு விடும்போது விசில் சத்தம் வருகிறதா என்றும் கவனி.

கவிதா, இரவு 8.29
இரண்டு முறை எண்ணினேன். 29, 31. குழி விழவில்லை. மூக்கடைப்புச் சத்தம் இருக்கிறது, விசில் இல்லை. உடம்பும் சுடவில்லை.

மல்லிகா சித்தி, இரவு 8.33
ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் போனால்தான் நிமோனியாவோ என்று பயப்பட வேண்டும். இவளுக்கு வந்திருப்பது சளி இருமல். மூக்கிலிருந்து பின்பக்கமாகச் சளி வழிந்து தொண்டையைக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது, அதனால்தான் படுத்ததும் கூடுகிறது. தேன் பொருந்துவது இந்த இருமலுக்குத்தான். தொண்டையில் படிந்து அரிப்பை அடக்கும்.

அளவு அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி. சமையலறைக் கரண்டியில் அளக்காதே, ஒவ்வொன்றும் ஒரு அளவு. அந்தச் சிரப் பாட்டிலின் மூடியில் 2.5 என்று கோடு இருக்கும். மூடியை மட்டும் கழுவி வைத்துக்கொள். நாளை முதல் படுப்பதற்கு அரை மணி முன்பு கொடுத்து, பிறகு பல் துலக்கிவிடு. இன்று இருமி எழுந்தால் உட்காரவைத்துக் கொடு, தூக்கத்தில் வாயில் ஊற்றாதே.

பிரியா, இரவு 8.40
ஆச்சி சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன்: “வெறும் தேன் எதற்கு? மிளகைப் பொடித்துப் போட்டுத் துளசிச் சாற்றில் குழைத்துக் கொடு. இங்கே நம் சின்னவனுக்கும் இருமல்தான். தேனைக் காய்ச்சி ஆறவைத்து உரைமருந்தில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் தடவலாம் என்று இருக்கிறேன்.”

மல்லிகா சித்தி, இரவு 8.41
அம்மா, வேண்டாம்! பிரியா, தேன் பாட்டிலை எடுத்து மேலே வை. உன் மகனுக்கு எட்டு மாதம்தானே? ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுத் தேனும் நாக்கில் படக் கூடாது.

பிரியா, இரவு 8.44
ஆச்சி கேட்கிறார்கள்: “உங்கள் ஐந்து பேருக்கும் பிறந்த அன்றே தேனில்தான் சேனை வைத்தேன். என்ன ஆகிவிட்டது?”

மல்லிகா சித்தி, இரவு 8.52
ஒன்றும் ஆகவில்லை அம்மா, உண்மைதான். இருபத்தெட்டு வருடம் குழந்தைகள் வார்டில் இருந்தேன், தேனால் கைக்குழந்தைக்கு வரும் அந்த நோயை நானும் நேரில் பார்த்ததில்லை. அத்தனை அபூர்வம். ஆனால் வந்தால் பிள்ளை மூச்சு விடும் தசையே சோர்ந்துவிடும், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிதான்.

தேனில் சில சமயம் ஒரு கிருமியின் விதை இருக்கும். நம் வயிற்றில் அது முளைக்காது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், கொதிக்கும் நீரிலும் அந்த விதை சாகாது. நல்ல மலைத்தேன், கடைத்தேன் என்ற வித்தியாசமும் இதில் இல்லை.

பிரியா, இதற்கு முன் தடவியிருக்கிறார்களா?

பிரியா, இரவு 8.55
போன வாரம் ஒருமுறை என்கிறார்கள். எனக்குக் கை நடுங்குகிறது அத்தை.

மல்லிகா சித்தி, இரவு 8.59
பதறாதே. பெரும்பாலும் ஒன்றும் வராது. ஒரு மாதம் கவனி. வழக்கமாகப் போகிறவன் மூன்று நான்கு நாள் மலம் போகாமல் இருந்தாலோ, அழுகுரல் மெலிந்தாலோ, பால் இழுக்கச் சோர்ந்தாலோ, இமை தொங்கித் தலை நிற்காமல் சாய்ந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடு, தேன் கொடுத்ததையும் மறைக்காமல் சொல். அவன் இருமலுக்குத் தாய்ப்பாலும் மூக்கில் உப்புநீர்ச் சொட்டும் போதும். நாளை டாக்டரிடமும் காட்டிவிடு.

யாழினிக்கு மிளகு வேண்டாம் கவிதா. புண்பட்ட தொண்டையில் எரியும்.

செந்தில் அத்தான், இரவு 9.06
நான் பட்டதையும் சொல்கிறேன். என் மகனுக்குப் போன மார்கழியில் இருமல். ஐந்து வயது என்பதால் ஒரு ஸ்பூன் வீதம் இரண்டு இரவு தேன் கொடுத்தோம், குறையவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் பேச முடியாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். இழுப்பு என்றார்கள். நெபுலைசர் வைத்த பிறகுதான் பேசினான். நெஞ்சில் கேட்ட விசில் சத்தத்தை முதல் நாளே சளி என்று நினைத்துக்கொண்டோம்.

மல்லிகா சித்தி, இரவு 9.12
அதற்காகத்தான் விசிலைக் கவனிக்கச் சொன்னேன். இழுப்பில் சுருங்குவது நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சுக்குழல், தேன் அங்கே போகாது. நாய் குரைப்பதுபோல் இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரத்தாலும் வீட்டில் வைக்காதீர்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று இருமல் பிடித்தால் கடலையோ பொட்டுக்கடலையோ மூச்சுக்குழலில் போயிருக்கலாம், அப்போது வாயில் எதையும் கொடுக்கவே கூடாது.

செந்தில் அத்தான், இரவு 9.15
இழுப்பு இருக்கிற பிள்ளைக்குச் சளி வந்தால் மருந்தோடு தேனும் கொடுக்கலாமா அத்தை?

மல்லிகா சித்தி, இரவு 9.18
பம்ப் மருந்து ஒழுங்காகப் போகிறது என்றால் நான் தடுக்க மாட்டேன். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

கவிதா, காலை 6.50
பதினொன்றரைக்கு எழுந்தாள் சித்தி. மூடியில் அளந்து கொடுத்தேன். மூடியின் அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து நக்கினாள். அதன் பிறகு மூன்று மணிக்கு ஒருமுறை இருமினாள், கக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் கொடுக்கலாம்?

மல்லிகா சித்தி, காலை 7.05
இன்றும் நாளையும் கொடு. மூன்று இரவுக்கு மேல் தேன் தனியாக எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. இருமல் மெல்ல மெல்லத் தேய இரண்டு வாரம்கூட ஆகும். நடுவில் காய்ச்சல் வந்தாலோ மூச்சு வேகமானாலோ மறுபடி எண்ணிப் பார்த்து எனக்குப் போன் செய்.

பிரியா, காலை 7.20
சின்னவன் இன்று காலையே மலம் போய்விட்டான் அத்தை. தேன் பாட்டில் பரணில் இருக்கிறது. ஆச்சி இன்னும் என்னோடு பேசவில்லை.

மல்லிகா சித்தி, காலை 7.22
மதியம் நான் அங்கே வருகிறேன்.