திருச்சி வீட்டு வாடகை: அத்தானின் கணக்கு நட்டமாக வருகிறது, சரியா?

ஹட்டன் வாசி:
அக்காவும் அத்தானும் திருச்சியில் இருக்கிறார்கள், இந்தியப் பிரஜைகள். அவர்களின் வரிக் கணக்கை இங்கிருந்து நான்தான் போடுகிறேன். அவர்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு 2025-26 வாடகை மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 3,00,000. மாநகராட்சி வரி 12,000, வாடகையில் 30 வீதம் 90,000, வீட்டுக் கடனின் வங்கித் தவணை மாதம் 22,000, வருடத்துக்கு 2,64,000. எல்லாம் கழித்தால் 66,000 நட்டம். அத்தானின் சம்பளம் நிலைக்கழிவு போக 14,00,000, புதிய வரிமுறை. நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

நுவரெலியா மேட்டுவீடு:
30 வீதம் எங்கிருந்து வந்தது? என் நுவரெலியா வீட்டு வாடகைக்கு 25 வீதம்தானே கழித்தேன்.

தலவாக்கலை:
கழிக்கலாம். வீட்டு நட்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு நேர் செய்யலாம்.

கண்டி கணக்காளர்:
நுவரெலியா நண்பரே, அந்த 25 வீதம் நம் நாட்டுச் சட்டம். இது இந்திய வீடு.

தலவாக்கலை சொன்ன 2 லட்சம் பழைய முறையில் உண்டு. புதிய முறையில் வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆனால் இங்கே நட்டமே இல்லை என்று நினைக்கிறேன். தவணை முழுவதும் கழியாது, அதில் அசலும் இருக்கிறது. வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் வட்டி தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். மாநகராட்சி வரியும் அந்த வருடத்துக்குள் உரிமையாளர் கட்டியது மட்டுமே. ரசீதுத் தேதி என்ன?

ஹட்டன் வாசி:
வட்டி 1,62,000. வரி அரையாண்டுக்கு 6,000. இரண்டாவது ரசீது 2026 ஏப்ரல் 9.

கண்டி கணக்காளர்:
அப்படியென்றால் இந்த வருடத்துக்கு 6,000 மட்டும். மற்றது அடுத்த வருடக் கணக்கில் வரும். 3,00,000-இல் 6,000 போக 2,94,000. முப்பது வீதத்தை இந்தத் தொகையில்தான் எடுக்க வேண்டும், முழு வாடகையில் அல்ல: 88,200. மிச்சம் 2,05,800. வட்டி போனால் 43,800 வருமானம்.

14,00,000-உடன் சேர்த்தாலும் 15 வீத அடுக்குக்குள்ளேயே நிற்கும். 43,800-க்கு வரி 6,570, அதன்மேல் 4 வீத செஸ்: மொத்தம் ஏறக்குறைய 6,833 ரூபாய் கூடும். நட்டம் என்று போட்டிருந்தால் இந்தத் தொகையும் வட்டியும் பின்னால் கேட்டு வந்திருக்கும்.

ஹட்டன் வாசி:
பெயின்ட் அடித்த 45,000?

கண்டி கணக்காளர்:
கழியாது. பழுதுபார்ப்புச் செலவெல்லாம் அந்த 30 வீதத்துக்குள் அடக்கம். செலவே செய்யாவிட்டாலும் 30 வீதம் கிடைக்கும்.

தலவாக்கலை:
வீடு யார் பெயரில்?

ஹட்டன் வாசி:
பத்திரத்தில் அக்காவின் பெயரும் இருக்கிறது. கடனில் அத்தான் மட்டும்.

கண்டி கணக்காளர்:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பத்திரத்தில் பங்கு குறிப்பிட்டிருந்தால் வாடகை அந்தப் பங்கின்படி இருவருக்கும் பிரியும், மேலுள்ள கணக்கு மாறும். வட்டி முழுவதையும் அத்தான் எடுக்கலாமா என்பதையும் பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பங்கு எழுதிய பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள்.